மேலாளருக்கு ஒரு பிரெஞ்சு மின்னஞ்சல்: சம்பள உயர்வை எப்படிக் கேட்பது?

பிரான்ஸில் ஓர் ஊழியர் சம்பள உயர்வு கேட்டுத் தன் மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதினால், அதைப் படிப்பவர் பெரும்பாலும் ஒருவரோடு நிற்பதில்லை. மேலாளர் முதலில் படிப்பார். பிறகு அதிலிருந்து நாலு வரியை எடுத்து மனிதவளத் துறைக்கோ, தனக்கு மேலே இருப்பவருக்கோ அனுப்புவார். ஏனென்றால் பல நிறுவனங்களில் சம்பளத்தைக் கூட்டிக் கொடுக்கும் அதிகாரம் உடனடி மேலாளரின் கையில் இல்லை. தனிநபர் சம்பள உயர்வுக்கென்று ஆண்டுக்கு ஒரு முறை அவருடைய பிரிவுக்கு ஒரு தொகையை ஒதுக்குவார்கள். அலுவலகப் பேச்சில் அதற்கு 'ஆன்வ்லோப்' என்று பெயர். பத்துப் பேர் இருக்கும் பிரிவில் அந்தத் தொகையை யாருக்கு எவ்வளவு பிரிப்பது என்று மேலாளர் பரிந்துரைப்பார். ஏன் என்று அவரிடம் கேள்வி வரும். அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

இதைப் புரிந்துகொண்டால் அந்த மின்னஞ்சலில் என்ன எழுத வேண்டும், எதை விட வேண்டும் என்பது தானாகத் தெளிவாகிவிடும். மேலாளரின் மனதை உருக்குவது அதன் வேலை இல்லை. உங்களுக்காக வேறோர் அறையில், நீங்கள் இல்லாத நேரத்தில், மேலாளர் பேசப் போகிறார். அங்கே அவர் அப்படியே எடுத்துச் சொல்லக்கூடிய வரிகளை அவருக்குக் கொடுப்பதுதான் அதன் வேலை. பாரிஸிலும் லியோனிலும் அலுவலக வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். மற்றவர்களுக்கு, ஒரு நாட்டின் வேலைச் சட்டமும் அலுவலக மரியாதையும் சேர்ந்து ஒரு சிறு கடிதத்தை எப்படி வடிவமைக்கின்றன என்பதைக் காட்டும்.

கேட்பதா, கோருவதா?

எழுத உட்காரும் முன் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். நீங்கள் கேட்கப்போவது மேலாளர் மனம் வைத்தால் கிடைக்கக்கூடியதா, அல்லது சட்டப்படி ஏற்கெனவே உங்களுக்குச் சேர வேண்டியதா?

பிரெஞ்சுச் சட்டத்தில், தனியார் நிறுவனம் ஓர் ஊழியருக்கு ஆண்டுதோறும் சம்பளத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும் என்று பொதுவான கட்டாயம் எதுவும் இல்லை. தொழிற்சங்கக் கிளை உள்ள நிறுவனங்களில் நிர்வாகம் சம்பளம் பற்றிச் சங்கத்தோடு பேச்சுவார்த்தை நடத்தியாக வேண்டும். இது 1982-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் கடமை. ஆனால் பேசுவதுதான் கடமை. உடன்பாட்டுக்கு வருவது கடமை இல்லை.

சில இடங்களில் மட்டும் சட்டம் உறுதியாக நிற்கிறது. சம்பளம் நாட்டின் குறைந்தபட்ச ஊதியமான 'ஸ்மிக்'குக்குக் கீழே போகக் கூடாது. அந்தத் தொழில் துறைக்கான கூட்டு ஒப்பந்தம் உங்கள் படிநிலைக்கு வைத்திருக்கும் குறைந்தபட்சத்துக்குக் கீழேயும் போகக் கூடாது. பிரசவ விடுப்பு முடிந்து திரும்பும் பெண்ணுக்கு, அவர் இல்லாத காலத்தில் மற்றவர்களுக்குக் கிடைத்த பொது உயர்வும், அதே பிரிவினர் பெற்ற தனிநபர் உயர்வுகளின் சராசரியும் சேர வேண்டும். இது 2006 மார்ச் மாதச் சட்டம் தந்த உரிமை. ஒரே நிலையில் ஒரே வேலையைச் செய்யும் இருவருக்கு வேறு வேறு சம்பளம் என்றால், அதற்கு நிறுவனம் நியாயமான காரணம் காட்ட வேண்டும் என்று 1996 அக்டோபரில் பிரான்ஸின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இவற்றில் ஏதாவது ஒன்று உங்களுக்குப் பொருந்தினால், நீங்கள் எழுத வேண்டியது வேறு கடிதம். அதில் சாதனைப் பட்டியல் தேவையில்லை. சட்டப் பிரிவும் தேதியும் விடுபட்ட தொகையும் போதும். சம்பளப் பாக்கியைக் கோர மூன்று ஆண்டு கால வரம்பு இருப்பதால் தள்ளிப்போடவும் கூடாது. இரண்டையும் ஒரே மின்னஞ்சலில் கலப்பதுதான் பெரிய தவறு. 'என் உழைப்பைப் பாருங்கள்' என்று ஆரம்பித்து 'தராவிட்டால் சட்டம் இருக்கிறது' என்று முடிக்கும் கடிதம் மேலாளரின் கையில் தங்காது. அது நேராக மனிதவளத் துறையின் சட்டப் பிரிவுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு மேலாளர் உங்களுக்காகப் பேச முடியாமல் போகும்.

எந்த வகை என்று கண்டுபிடிக்கச் சம்பளச் சீட்டே போதும். நிறுவனம் எந்தக் கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது, அதில் ஊழியரின் படிநிலை என்ன என்ற இரண்டு விவரமும் பிரெஞ்சுச் சம்பளச் சீட்டில் இருக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச ஊதிய அட்டவணையை எடுத்து, உங்கள் படிநிலைக்கு நேரே உள்ள தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் சம்பளம் அதற்குக் கீழே இருந்தால் அது கோரிக்கை. மேலே இருந்தால் அது வேண்டுகோள். இந்தக் கட்டுரை வேண்டுகோளைப் பற்றியது.

நன்றாகச் செய்த வேலையும் வளர்ந்துவிட்ட வேலையும்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஆளும் நிறுவனமும் கற்பனை. சூழல் பிரான்ஸில் அன்றாடம் காண்பது. லியோன் அருகே கருவிகள் தயாரிக்கும் ஒரு நிறுவனம். அங்கே வாடிக்கையாளர் ஆர்டர்களைப் பதிவது, விலைப்பட்டியல் அனுப்புவது, அதில் தகராறு வந்தால் தீர்ப்பது ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஊழியர் ஒருவர். ஆண்டு மொத்தச் சம்பளம் 31,200 யூரோ, அதாவது மாதம் 2,600. மார்ச் மாதம் சக ஊழியர் ஒருவர் வேலையை விட்டுப் போனார். அவர் பார்த்துக்கொண்டிருந்த பெல்ஜியம், சுவிட்சர்லாந்து வாடிக்கையாளர்கள் இவருக்கு வந்து சேர்ந்தார்கள். 'தற்காலிகமாகத்தான்' என்று சொன்னார்கள். செப்டம்பர் முடிந்தது, அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை.

இவரிடம் இரண்டு வகைக் காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, தன் வேலையை நன்றாகச் செய்தார். மற்றொன்று, அவருடைய வேலையே பெரிதாகிவிட்டது. எழுதுபவர்கள் பலர் முதலாவதையே நீட்டி எழுதுகிறார்கள். ஆனால் பிரெஞ்சு முறையில் இரண்டாவதுதான் கனமானது.

காரணம், கூட்டு ஒப்பந்தங்களின் படிநிலை அமைப்பு. இவருடைய நிறுவனம் உலோகத் தொழில் ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜனவரி 1 முதல் அந்தத் துறையில் நாடு முழுவதற்கும் ஒரே ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. அதில் வேலைகள் A முதல் I வரை ஒன்பது குழுக்களாகவும், 18 வகுப்புகளாகவும் பிரிக்கப்பட்டிருக்கின்றன. இதில் எடைபோடப்படுவது ஆள் அல்ல, அவர் வகிக்கும் பணி. வேலையின் சிக்கல், தேவைப்படும் அறிவு, சுயமாக முடிவெடுக்கும் அளவு, நிறுவனத்துக்குத் தரும் பங்களிப்பு, மற்றவர்களோடு இணைந்தோ அவர்களை வழிநடத்தியோ செயல்படுவது, தொடர்புகொள்ளும் தேவை என்ற ஆறு அளவுகோல்களால் ஒவ்வொரு பணிக்கும் புள்ளி போடுகிறார்கள். இதற்காக ஒவ்வொரு பணிக்கும் எழுத்தில் ஒரு விவரக் குறிப்பும் இருக்க வேண்டும்.

பெல்ஜியம் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது. அங்கே அனுப்பும் சரக்குக்குச் சுங்க அறிவிப்பு வேண்டாம். சுவிட்சர்லாந்து ஒன்றியத்துக்கு வெளியே இருக்கிறது. ஒவ்வொரு சரக்குக்கும் ஏற்றுமதி அறிவிப்பு, சரக்கு எங்கே உற்பத்தியானது என்பதற்கான சான்று என்று தனி வேலை இருக்கிறது. ஆக, இவருக்கு வாடிக்கையாளர் எண்ணிக்கை மட்டும் கூடவில்லை. முன்பு தேவைப்படாத ஓர் அறிவும், முன்பு இல்லாத ஒரு பொறுப்பும் அவருடைய பணிக்குள் வந்துவிட்டன. பணி விவரக் குறிப்பில் அது இன்னும் ஏறவில்லை. இதைச் சொன்னால், 'எல்லோரும்தான் நன்றாக வேலை செய்கிறார்கள்' என்ற பதில் அங்கே செல்லாது. மேலாளரும் தன் மேலிடத்தில் 'இவர் திறமைசாலி' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 'இந்தப் பணி மாறிவிட்டது, நாம் சம்பளத்தை மாற்றவில்லை' என்று சொல்லலாம்.

மின்னஞ்சல்

அவர் அக்டோபர் முதல் நாள் அனுப்பும் மின்னஞ்சல் இப்படி இருக்கலாம்:

```
Objet : Demande d'entretien – évolution de mon poste
et de ma rémunération

Bonjour Madame,

Je souhaiterais vous rencontrer pour faire le point
sur mon poste et ma rémunération.

Depuis mars, en plus des clients français, je gère
les clients belges et suisses. Entre mars et septembre :
- la part des factures contestées est passée
  de 6 % à 2,5 % ;
- j'ai rédigé la procédure douanière pour la Suisse,
  désormais utilisée par toute l'équipe ;
- j'ai formé deux collègues, aujourd'hui autonomes.

Hors augmentations générales, ma rémunération
n'a pas évolué depuis janvier 2024. Elle est de
31 200 € bruts annuels. J'aimerais que nous étudiions
la possibilité de la porter à 33 600 €.

Seriez-vous disponible une demi-heure le mardi 14
ou le jeudi 16 octobre, l'après-midi ?

Bien cordialement,
```

தமிழில் இதன் சாரம் இது. பொருள்: சந்திக்க வேண்டுகோள், என் பணியிலும் ஊதியத்திலும் மாற்றம் குறித்து. 'என் பணியையும் ஊதியத்தையும் பற்றிப் பேச உங்களைச் சந்திக்க விரும்புகிறேன். மார்ச் முதல், பிரெஞ்சு வாடிக்கையாளர்களோடு பெல்ஜியம், சுவிஸ் வாடிக்கையாளர்களையும் நான் கவனித்துவருகிறேன். மார்ச்சுக்கும் செப்டம்பருக்கும் இடையே, ஆட்சேபத்துக்கு உள்ளான விலைப்பட்டியல்களின் பங்கு 6 சதவீதத்திலிருந்து 2.5 சதவீதமாகக் குறைந்தது. சுவிட்சர்லாந்துக்கான சுங்க நடைமுறையை எழுதிக் கொடுத்தேன், இப்போது அணி முழுவதும் அதைப் பயன்படுத்துகிறது. இரண்டு பேருக்குப் பயிற்சி கொடுத்தேன், இன்று அவர்கள் துணையின்றி வேலை செய்கிறார்கள். பொது உயர்வுகளைத் தவிர 2024 ஜனவரிக்குப் பிறகு என் ஊதியம் மாறவில்லை. அது ஆண்டுக்கு 31,200 யூரோ. அதை 33,600 ஆக்குவது பற்றி நாம் பரிசீலிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 14-ஆம் தேதி செவ்வாயோ 16-ஆம் தேதி வியாழனோ பிற்பகலில் அரை மணி நேரம் ஒதுக்க முடியுமா?'

மொத்தமே ஒரு திரைக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு பகுதியும் ஏன் இப்படி இருக்கிறது என்று பார்ப்போம்.

மூன்று சாதனைகள் போதும்

பட்டியலில் உள்ள முதல் வரியைக் கவனியுங்கள். 'மாதம் 60 தகராறுகள் இருந்தன, 25 ஆகக் குறைத்தேன்' என்று எழுதியிருக்கலாம்; கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் காலத்துக்குள் ஆகஸ்ட் வருகிறது. பிரான்ஸில் ஆகஸ்ட் விடுமுறை மாதம். ஆர்டரும் குறையும், விலைப்பட்டியலும் குறையும், தகராறும் தானாகக் குறையும். கணக்குப் பிரிவில் யாராவது ஒருவர் இதைச் சுட்டிக்காட்டினால் முழு மின்னஞ்சலும் நம்பகத்தை இழந்துவிடும். அதனால்தான் இவர் எண்ணிக்கையை விட்டுவிட்டு, அனுப்பிய விலைப்பட்டியல்களில் எத்தனை சதவீதம் ஆட்சேபத்துக்கு உள்ளானது என்ற பங்கைக் கொடுக்கிறார். வேலை கூடினாலும் குறைந்தாலும் அந்தப் பங்கு உண்மையைச் சொல்லும். எந்தச் சாதனையையும் எழுதும் முன், 'இது எனக்கு வெளியே இருக்கும் காரணத்தால் நடந்திருக்குமா?' என்று தன்னையே கேட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வரியில் எண் இல்லை. இருந்தாலும் அதை எவரும் சரிபார்க்க முடியும். சுங்க நடைமுறை ஓர் ஆவணம். நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. அணியினர் அதைத் திறந்து பயன்படுத்துகிறார்கள். எல்லா வேலையையும் எண்ணில் அடக்க முடியாது. அடக்க முடியாததை வலிந்து எண்ணாக்கி எழுதினால் அது பொய்யாகவே தெரியும். எண் இல்லாத இடத்தில், கண்ணால் காட்டக்கூடிய ஒரு பொருளைச் சொன்னால் போதும்.

மூன்றாவது வரியில் கனமான சொல் கடைசியில் இருக்கிறது: அவர்கள் இன்று துணையின்றி வேலை செய்கிறார்கள். 'பயிற்சி கொடுத்தேன்' என்பது செய்த வேலை. 'அவர்கள் சொந்தக் காலில் நிற்கிறார்கள்' என்பது அதனால் நிறுவனத்துக்குக் கிடைத்த பலன். மேலாளர் மேலிடத்தில் எடுத்துச் சொல்லப்போவது பலனைத்தான்.

'கடுமையாக உழைக்கிறேன்', 'எப்போதும் அர்ப்பணிப்போடு இருக்கிறேன்' போன்ற வரிகள் இதில் இல்லை. வீட்டு வாடகை ஏறிவிட்டது, குழந்தை பள்ளிக்குப் போகிறது என்பதும் இல்லை. அந்தச் சிரமங்கள் உண்மையானவை. ஆனால் மேலாளரால் அவற்றை வைத்து வாதாட முடியாது. ஊதியம் பணிக்கானது என்பதே நிர்வாகத்தின் கணக்கு. இன்னொருவரின் சம்பளத்தைச் சுட்டிக்காட்டும் வரியும் இல்லை. அதைச் சொன்ன மறுகணம் பேச்சு உங்களை விட்டு அந்த நபரின் மேல் திரும்பிவிடும். ஒப்பிட வேண்டிய உண்மையான காரணம் இருந்தால் அது முன்பு சொன்ன சமவேலைக்குச் சம ஊதியம் என்ற உரிமைப் பாதை. அந்தப் பாதை இனி விரியக்கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு ஊதிய வெளிப்படைத்தன்மை நெறிமுறை, ஒரே மதிப்புள்ள வேலை செய்பவர்களின் சராசரி ஊதியத்தை ஆண், பெண் வாரியாக எழுத்தில் கேட்டுப் பெறும் உரிமையை ஊழியருக்கு வழங்குகிறது. உறுப்பு நாடுகள் அதைத் தங்கள் சட்டத்தில் சேர்க்க வைத்த கெடு 2026 ஜூன் 7.

தொகையை எழுதலாமா?

இதில் பிரான்ஸில் இரு கருத்து உண்டு. 'மின்னஞ்சலில் தொகையைச் சொல்லாதே, நேரில் பேசும்போது சொல்' என்று பலர் அறிவுரை சொல்வார்கள். எழுதிய எண் உச்சவரம்பாகிவிடும். நிறுவனம் அதற்கு மேல் தர நினைத்திருந்தாலும் தராது என்பது அவர்கள் காரணம். உங்கள் பணிக்குச் சந்தையில் என்ன சம்பளம் என்று உங்களுக்கே தெரியாத நிலையில் இந்த அறிவுரை சரி.

ஆனால் நம் உதாரணத்தில் உள்ளவர் ஏற்கெனவே தேடிப் பார்த்திருக்கிறார். தன் படிநிலைக்கு மேலே உள்ள வகுப்பின் குறைந்தபட்ச ஊதியம் அவருக்குத் தெரியும். லியோன் பகுதியில் ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிப்பவர்களுக்கு என்ன தருகிறார்கள் என்று வேலை விளம்பரங்களில் பார்த்திருக்கிறார். மேலாளர் பணத்துக்கு மேலிடம் போக வேண்டியவர் என்பதும் தெரியும். தொகை இல்லாமல் எழுதினால், மேலாளர் வெறுங்கையோடு சந்திப்புக்கு வருவார்; அங்கே எண்ணைக் கேட்டுக்கொண்டு 'மேலே பேசிவிட்டுச் சொல்கிறேன்' என்பார்; இன்னும் பல வாரம் போகும். தொகை தெரிந்திருந்தால், சந்திப்புக்கு முன்பே மனிதவளத் துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம்.

தொகையை எப்படிச் சொல்வது என்பதற்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. பிரெஞ்சு அலுவலகத்தில் சம்பளம் என்றால் ஆண்டுக்கான மொத்தத் தொகை, பிடித்தங்களுக்கு முன்பு உள்ளது. கையில் வருவதை வைத்துப் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும். 2019 ஜனவரி முதல் வருமான வரியும் சம்பளத்திலேயே பிடிக்கப்படுவதால், கையில் வரும் தொகை குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். இவர் கேட்பது ஆண்டுக்கு 2,400 யூரோ கூடுதல், சுமார் 7.7 சதவீதம். மாதக் கணக்கில் 200. சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் போக, வருமான வரிக்கு முன்பு, கையில் நிற்பது ஏறக்குறைய 155 யூரோ. நிறுவனத்துக்கோ அந்த 200-க்கு மேல் தன் பங்குச் செலவும் இருக்கிறது. கேட்பவர் தன் மனதில் வைத்திருக்கும் எண்ணும் மேலாளர் கணக்கிடும் எண்ணும் வேறு வேறு என்பது தெரிந்திருந்தால், பேச்சுவார்த்தையில் ஏமாற்றம் குறையும்.

'பொது உயர்வுகளைத் தவிர' என்று ஒரு துணுக்கு அந்தப் பத்தியில் இருக்கிறதே, அதுவும் வேண்டுமென்றே வைத்ததுதான். சங்கத்தோடு பேசி எல்லோருக்கும் தரும் உயர்வு வேறு. ஒருவருக்கென்று தரும் உயர்வு வேறு. அதைப் பிரித்துச் சொல்லாமல் 'என் சம்பளம் மாறவே இல்லை' என்று எழுதினால், மனிதவளத் துறை சம்பளச் சீட்டுகளை எடுத்து இரண்டு உயர்வுகளைக் காட்டிவிடும். உண்மையான வாதம் ஒரு சின்னத் தவறால் பலவீனமாகும்.

எப்போது அனுப்புவது?

நிதியாண்டு ஜனவரியில் தொடங்கும் நிறுவனங்கள் அடுத்த ஆண்டின் செலவுத் திட்டத்தை இலையுதிர்காலத்தில் போடுகின்றன. சங்கப் பேச்சுவார்த்தையும் ஆண்டு மதிப்பீட்டு நேர்காணலும் பல இடங்களில் ஆண்டு இறுதியிலும் புத்தாண்டின் முதல் மாதங்களிலும் நடக்கின்றன. மதிப்பீட்டு நேர்காணலில்தான் சம்பளம் பற்றிப் பேச வேண்டும் என்று பலர் காத்திருக்கிறார்கள். அதற்குள் தொகை பிரிக்கப்பட்டிருக்கும். 'ஆன்வ்லோப் மூடிவிட்டது' என்ற பதில் வருவது அப்படித்தான். அது சாக்காக இருக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அக்டோபர் தொடக்கம் நல்ல நேரம் என்று சொல்வது அதனால்தான். நிதியாண்டு வேறு மாதத்தில் தொடங்கும் நிறுவனமாக இருந்தால், அதற்கு மூன்று நான்கு மாதம் முன்பு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

இவர் கொடுத்த தேதிகளுக்கும் காரணம் உண்டு. அக்டோபரின் பிற்பகுதியில் பள்ளிகளுக்கு இரண்டு வார விடுமுறை வரும். குழந்தைகள் உள்ளவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அதற்குள் சந்திப்பு முடிய வேண்டும். 'உங்களுக்கு வசதியான நேரத்தில்' என்று விட்டால் பதில் தள்ளிப்போகும். ஒரே தேதியைச் சொன்னால் கட்டளை போலத் தொனிக்கும். இரண்டு தேதி, அரை மணி நேரம் என்பது பதில் எழுத எளிது. அனுப்பிய நாளுக்கும் சந்திப்புக்கும் இடையே இரண்டு வாரம் இருப்பதால், மேலாளர் மேலிடத்தில் விசாரித்து வரவும் முடியும்.

முதல் மின்னஞ்சலில் மனிதவளத் துறையை நகலில் சேர்க்கக் கூடாது. தன்னை நம்பவில்லை என்று மேலாளர் எடுத்துக்கொள்வார். உங்களுக்காகப் பேச வேண்டியவரையே தற்காப்பு நிலைக்குத் தள்ளிவிடுவீர்கள்.

தொனியும் எழுத்துப்பிழையும்

பிரெஞ்சில் நேரடியாக 'வேண்டும்' என்று எழுதினால் முரட்டுத்தனம். 'விரும்புவேன்', 'இயலுமா' என்கிற நிபந்தனை வடிவ வினைகளே மரியாதை. மின்னஞ்சலில் 'சுஹெத்திரே', 'செரியே-வூ' என்று வருபவை அவைதாம். ஆனால் மரியாதைக்கும் கெஞ்சலுக்கும் இடையே கோடு இருக்கிறது. 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்', 'உங்களுக்கு நேரமிருக்காது என்று தெரியும், ஆனாலும்' என்று தொடங்கினால் நிராகரிப்பதை நீங்களே எளிதாக்கிக் கொடுக்கிறீர்கள். சம்பளம் பற்றிப் பேசக் கேட்பது அங்கே இயல்பான அலுவலகக் காரியம், மன்னிப்பு தேவையில்லை.

நீங்கள், நீ என்ற வேறுபாடு பிரெஞ்சிலும் உண்டு: 'வூ', 'த்யூ'. இப்போது பல அலுவலகங்களில் மேலாளரைப் பெயர் சொல்லி, 'த்யூ' என்றே பேசுகிறார்கள். தினமும் அப்படிப் பேசிவிட்டு, சம்பள மின்னஞ்சலில் மட்டும் திடீரென 'மேடம், தாங்கள்' என்று மாறினால், ஏதோ சண்டை தொடங்குகிறது என்றுதான் மேலாளர் நினைப்பார். அன்றாடம் எப்படிப் பேசுகிறீர்களோ அதே முறையில் எழுதுவதே சரி. நம் உதாரணத்தில் இருவரும் 'வூ' போட்டுப் பேசுபவர்கள். முடிவில் பழைய கடிதங்களில் வரும் நீண்ட வணக்க வாக்கியம் மின்னஞ்சலுக்குத் தேவையில்லை. 'பியேன் கோர்தியால்மான்' என்ற இரண்டு சொல் போதும்.

எழுத்துப்பிழையைப் பிரெஞ்சு அலுவலகங்களில் கூர்ந்து கவனிப்பார்கள். இந்த மின்னஞ்சலில் ஒரு கண்ணி இருக்கிறது: `étudiions`. அதில் அடுத்தடுத்து இரண்டு i வர வேண்டும். 'நாம் பரிசீலிக்க வேண்டும் என விரும்புகிறேன்' என்ற அமைப்பில் வினை விருப்ப வடிவத்துக்கு மாறுகிறது. ஒரு i மட்டும் போட்டால் அது சாதாரண நிகழ்காலம், இங்கே பிழை. பிரான்ஸிலேயே பிறந்தவர்களும் இதில் தடுக்குவார்கள். சந்தேகம் இருந்தால் வாக்கியத்தையே மாற்றி எளிமையாக எழுதிவிடலாம்.

பதில் வந்த பிறகு

ஒரு வாரம், பத்து நாள் பதில் வராவிட்டால் அதே மின்னஞ்சலுக்குக் கீழே இரண்டு வரி நினைவூட்டல் எழுதுவது முறை. மௌனம் சம்மதம் ஆகாது. பதில் சொல்லியே தீர வேண்டும் என்ற சட்டமும் இல்லை.

சந்திப்பில் அதிகம் கேட்கக்கூடிய பதில், 'பிறகு பேசுவோம்'. இதை மறுப்பாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது, ஒப்புதலாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வித்தியாசம் தெரிய ஒரே வழி, 'எந்த மாதம், எதைப் பார்த்து முடிவெடுப்பீர்கள்?' என்று அங்கேயே கேட்பது. தேதியும் அளவுகோலும் கிடைத்தால் அது உண்மையான ஒத்திவைப்பு. இரண்டும் கிடைக்காவிட்டால் அது மறுப்பு.

இன்னொரு பதில், உயர்வுக்குப் பதிலாக ஒரு முறை தரும் ஊக்கத்தொகை, 'பிரீம்'. 1,500 யூரோ மொத்தமாக வந்தால் பெரிதாகத் தெரியும். ஆனால் அடிப்படைச் சம்பளம் அப்படியே நிற்கிறது. அடுத்த ஆண்டு பொது உயர்வு 2 சதவீதம் என்றால் அதைக் கணக்கிடப்போவது பழைய 31,200-லிருந்துதான். மாதம் 200 கூடுதல் என்பது எட்டாவது மாதத்திலேயே அந்த 1,500-ஐத் தாண்டிவிடும். அதன் பிறகும் தொடரும். ஒரு முறை முடிந்த வேலைக்கு ஊக்கத்தொகை பொருத்தம். சுவிஸ் வாடிக்கையாளர்கள் அடுத்த ஆண்டும் இவரிடமே இருக்கப்போகிறார்கள் என்றால், பொருத்தமானது அடிப்படைச் சம்பளம். ஊக்கத்தொகையை ஏற்றுக்கொண்டே இந்த வேறுபாட்டைச் சொல்லலாம்.

பணமே இல்லை என்று சொன்னாலும், கேட்க வேண்டிய ஒன்று மிச்சம் இருக்கிறது: பணி விவரக் குறிப்பைத் திருத்தி எழுதுங்கள் என்பது. அதற்கு உடனே பணம் தேவையில்லை. ஆனால் சுங்க வேலையும் ஏற்றுமதிப் பொறுப்பும் அந்தக் குறிப்பில் ஏறிவிட்டால், படிநிலையை மறுபடி எடைபோடக் கேட்க எழுத்தில் ஆதாரம் கிடைக்கும். புதிய எடையில் வகுப்பு உயர்ந்தால், அந்த வகுப்பின் குறைந்தபட்ச ஊதியம் கட்டாயமாகிறது. இன்று வேண்டுகோளாக இருப்பது அன்று உரிமையாக மாற வாய்ப்பிருக்கிறது.

சந்திப்பு முடிந்த அன்றோ மறுநாளோ ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். நன்றி ஒரு வரி. என்ன பேசினோம் என்று மூன்று வரி. அடுத்து யார், எந்தத் தேதிக்குள் என்ன செய்வதாகச் சொன்னார் என்று ஒரு வரி. குற்றஞ்சாட்டும் சொல் எதுவும் வேண்டாம். மேலாளர்கள் மாறுவார்கள், வாய்வார்த்தை அவர்களோடு போய்விடும். எழுத்தில் இருந்தால், அடுத்த அக்டோபரில் புதிதாக வருபவரிடம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. 'சென்ற ஆண்டு 14-ஆம் தேதி பேசியதன் தொடர்ச்சியாக' என்றே அடுத்த மின்னஞ்சலைத் தொடங்கலாம்.